மேனேஜர் தரும் கூடுதல் வேலைக்கு ‘முடியாது’ என்று எழுதுவது எப்படி? ஒரு ஸ்க்ரீன்ஷாட்டில் இருந்து பதில் வரை

புதன்கிழமை மாலை 6.50. வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்து விழுகிறது. கீழே தோழியின் ஒரு வரி: “இதுக்கு என்ன ரிப்ளை பண்றது? சீக்கிரம் சொல்லு.”

இப்படி ஒரு ஸ்க்ரீன்ஷாட்டை நீங்களும் அனுப்பியிருப்பீர்கள், அல்லது உங்களுக்கு வந்திருக்கும். மேனேஜர் புதிதாக ஒரு வேலை கொடுக்கிறார். கையில் இருக்கும் வேலையே முடியவில்லை. சரி என்றால் வெள்ளிக்கிழமை இரண்டும் அரைகுறையாக நிற்கும். முடியாது என்றால் அப்ரைசலில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று வந்துவிடுமோ என்ற பயம்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு, ஸ்க்ரீன்ஷாட்டைப் படிப்பதில் தொடங்கி, பதிலை அனுப்பி, அதற்கு வரும் மறுபதிலைச் சமாளிப்பது வரை பார்ப்போம்.

அந்த மெசேஜில் என்ன இருந்தது?

உதாரணத்துக்கு, தோழி பெங்களூருவில் ஒரு நிறுவனத்தில் டேட்டா அனலிஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். மேனேஜரும் தமிழ்தான். அதனால் சாட்டும் பேச்சுத் தமிழில்தான் ஓடும். ஸ்க்ரீன்ஷாட்டில் இருந்தது இது:

“ஹாய், க்ளையன்ட் திங்கக்கிழமை மீட்டிங்குக்கு ரீஜன் வாரியா சேல்ஸ் டேஷ்போர்டு கேக்குறாங்க. போன க்வார்ட்டர் நீங்க பண்ணுனது மாதிரியே போதும். வெள்ளிக்கிழமை ஈவினிங்குள்ள முடிச்சிடலாமா? சின்ன வேலைதான்.”

பதற்றத்தில் படித்தால் இதில் ‘வெள்ளிக்கிழமை’ மட்டும்தான் கண்ணில் படும். நிதானமாகப் படித்தால் மூன்று விஷயங்கள் தெரியும்.

முதலாவது, உண்மையான கெடு எது? க்ளையன்ட்டுக்குத் தேவை திங்கட்கிழமை மீட்டிங்குக்கு. வெள்ளி மாலை என்பது மேனேஜர் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட தேதி. இடையில் வார இறுதி இருப்பதால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் மீட்டிங் திங்கள் மாலை என்றால் அரை நாள் கிடைக்கும். அந்த நேரம் மெசேஜில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இது உத்தரவா, கேள்வியா? “முடிச்சிடலாமா?” என்பது கேள்வி. கேள்வி என்றால் ‘இல்லை’ என்ற பதிலுக்கும் அதில் இடம் இருக்கிறது. “வெள்ளிக்குள்ள அனுப்பிடுங்க” என்று வந்திருந்தால் பதிலின் தொனியைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். கணக்கு மாறாது.

மூன்றாவது, மேனேஜர் ஏன் இவரைக் கேட்கிறார்? “போன க்வார்ட்டர் நீங்க பண்ணுனது” என்பதில் காரணம் இருக்கிறது. பழைய ஃபைல் இவரிடம்தான் இருக்கிறது. அந்த வேலையின் நெளிவுசுளிவு தெரிந்தவரும் இவர்தான். ‘வேறு யாராவது செய்யட்டும்’ என்று மட்டும் பதில் எழுதினால், மேனேஜருக்கு அது உதவாது. பழைய ஃபைலை எப்படிக் கைமாற்றுவது என்பதும் பதிலில் வர வேண்டும்.

ஸ்க்ரீன்ஷாட்டில் தெரியாதது என்ன?

ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் பார்த்துப் பதில் எழுதித் தரும் நண்பர்கள் சறுக்குவது இங்கேதான். திரையில் இருப்பது பேச்சின் ஒரு துண்டு. அதற்கு மேலே என்ன இருந்தது என்று கேட்காமல் எழுதக் கூடாது.

தோழியிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இது தனி சாட்டா, டீம் குரூப்பா? குரூப் என்றால் மற்றவர்கள் முன்னால் மறுப்பதாகிவிடும். பதிலைத் தனி சாட்டில் அனுப்பிவிட்டு, குரூப்பில் “மேம், தனியா மெசேஜ் பண்ணிருக்கேன்” என்று மட்டும் போடுவது நல்லது. அடுத்து, இதே வேலையைப் பற்றி முன்பே பேச்சு வந்ததா? போன வார மீட்டிங்கில் “பண்ணிக்கலாம் மேம்” என்று சொல்லியிருந்தால், இப்போது அனுப்பப்போவது மறுப்பு அல்ல, கொடுத்த வாக்கை மாற்றுவது. அதை முதலில் ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். கடைசியாக, இந்த மெசேஜுக்கு ஏற்கெனவே கட்டைவிரல் எமோஜி போட்டுவிட்டாரா? ‘பார்த்துவிட்டேன்’ என்ற அர்த்தத்தில்தான் பலரும் போடுகிறோம். எதிரில் இருப்பவருக்கு அது ‘சரி’ என்று போய்ச் சேரும்.

இன்னொரு விஷயம். ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பும் முன் க்ளையன்ட் பெயர், விற்பனைத் தொகை, சக ஊழியர்கள் பெயர், மேனேஜரின் படம் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். வேலையில் சேரும்போது பலர் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அலுவலக சாட் வெளியே போனால், வேலைப்பளுவைப் பற்றிய பேச்சு ஒழுங்கு நடவடிக்கைப் பேச்சாக மாறிவிடும். மெசேஜை உங்கள் வார்த்தையில் டைப் பண்ணி அனுப்பினால் இந்தத் தலைவலியே இல்லை.

எழுதும் முன் ஒரு கணக்கு

“நிறைய வேலை இருக்கு” என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். மேனேஜரும் தன் மேனேஜரிடம் அதையேதான் சொல்கிறார். அதனால் அந்த வாக்கியத்துக்கு எடை இல்லை. வேலைப்பளுவை மணி நேரமாக மாற்றினால்தான் எடை வரும். ஐந்து நிமிடக் கணக்குதான் இது.

தோழியின் நிலைமையைப் போட்டுப் பார்ப்போம். வியாழன், வெள்ளி என இரண்டு நாள்கள் இருக்கின்றன. நாளுக்கு 8 மணி நேரம். அதில் மீட்டிங்குக்கு 1 மணி நேரம் போகிறது. டீமில் ஒருவர் லீவில் இருப்பதால் அவருடைய சப்போர்ட் டிக்கெட்டுகளைத் தோழிதான் பார்க்கிறார். அதற்குத் தினமும் 2 மணி நேரம். மீதி நாளுக்கு 5 மணி நேரம், இரண்டு நாளுக்கு 10 மணி நேரம்.

இப்போது கையில் இருக்கும் வேலை:

- மாதக் கடைசி ரெகன்சிலியேஷன், அதாவது இரண்டு சிஸ்டத்தின் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பது. வெள்ளி மாலை 3 மணிக்குத் தர வேண்டும். இன்னும 6 மணி நேர வேலை பாக்கி.
- புதிய சர்வருக்கு மாற்றிய டேட்டாவைச் சரிபார்க்கும் வேலிடேஷன். வெள்ளி மாலைக்குள் முடிக்க வேண்டும். இன்னும் 4 மணி நேரம்.

மொத்தம் 10 மணி நேரம். இருப்பதும் 10 மணி நேரம். மிச்சம் பூஜ்யம்.

டேஷ்போர்டுக்கு எவ்வளவு ஆகும்? மேனேஜர் கணக்கில் ‘சின்ன வேலை’. போன க்வார்ட்டரில் திருத்தங்களோடு சேர்த்து 7 மணி நேரம் ஆனது. இங்கே மேனேஜர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம் இல்லை. அவர் கடைசியில் வந்த ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்த்தார். டேட்டாவை இழுத்தது, ரீஜன் பெயர்களைச் சரிசெய்தது, எண்கள் ஒத்துப்போகாமல் திரும்ப ஓட்டியது எதுவும் அவர் கண்ணில் படவில்லை. அதனால் “இது சின்ன வேலை இல்ல” என்று வாதாட வேண்டாம். “போன தடவை 7 மணி நேரம் ஆச்சு” என்று எழுதினால் போதும்.

கணக்கில் நேர்மையும் முக்கியம். 4 மணி நேர வேலையை 8 என்று எழுதினால், மேனேஜர் ஜிராவைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். இதற்கு எதிரான ஆபத்தும் இருக்கிறது. லீவில் இருப்பவருக்காகப் பார்க்கும் வேலை போர்டில் உங்கள் பெயரில் வருவதே இல்லை. போர்டை மட்டும் பார்க்கும் மேனேஜருக்கு நீங்கள் பாதி நாள் சும்மா இருப்பது போலத் தோன்றும். கூடுதல் வேலை உங்களைத் தேடி வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பதில் இப்படி இருக்கலாம்

“மேம், மெசேஜ் பாத்தேன். திங்கக்கிழமை மீட்டிங்குக்கு டேஷ்போர்டு தேவைன்னு புரியுது. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள இத என்னால எடுத்துக்க முடியாது.

வெள்ளி 3 மணிக்கு ரெகன்சிலியேஷன் குடுக்கணும், இன்னும் 6 மணி நேர வேலை இருக்கு. வேலிடேஷன் வெள்ளி ஈவினிங், அதுல 4 மணி நேரம் இருக்கு. லீவ் கவருக்காக சப்போர்ட் டிக்கெட்டும் தினம் 2 மணி நேரம் பாக்குறேன். டேஷ்போர்டுக்குப் போன தடவை 7 மணி நேரம் ஆச்சு.

வேற யாராவது எடுத்தா, பழைய ஃபைலையும் குவெரியையும் இன்னைக்கே ஷேர் பண்ணிட்டு, நாளைக்குக் காலைல 20 நிமிஷம் உக்காந்து விளக்கிடுறேன். நானே பண்ணணும்னா, வேலிடேஷன செவ்வாய்க்குத் தள்ளி, ரெண்டு நாளைக்கு சப்போர்ட்ட வேற ஒருத்தர் பாக்கணும். எதுன்னு சொல்லுங்க மேம், அதுபடி பண்ணிடுறேன்.”

மூன்று பத்திகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

முதல் பத்தியில் மறுப்பு தெளிவாக இருக்கிறது. “என்னால எடுத்துக்க முடியாது” என்ற சொற்கள் அப்படியே வர வேண்டும். நம் பேச்சுத் தமிழில் “பாக்கலாம்”, “ட்ரை பண்றேன்” என்பதை ‘இல்லை’ என்பதற்குப் பதிலாகச் சொல்லிப் பழகிவிட்டோம். கல்யாணத்துக்குக் கூப்பிடுபவரிடம் “கண்டிப்பா பாக்குறேன்” என்றால் வரமாட்டார் என்று அவருக்கே தெரியும். அலுவலகத்தில் அதற்கு நேர் எதிர். “ட்ரை பண்றேன் மேம்” என்று வந்ததும் மேனேஜர் அந்த வேலையை முடிந்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் “ஐ வில் ட்ரை” என்று எழுதினாலும் இதே கதிதான்.

மரியாதை எங்கே வருகிறது? “தேவைன்னு புரியுது” என்ற இடத்தில். அவருடைய நெருக்கடியைப் பார்த்துவிட்டோம் என்று சொல்வதே மரியாதை. நான்கு தடவை ‘சாரி’ போட்டால், ஏதோ தப்பு செய்துவிட்டவர் எழுதியது போல் ஆகிவிடும்.

இரண்டாவது பத்தி வெறும் தகவல். புலம்பல் இல்லை, “எப்பவும் எனக்கேதான் வருது” இல்லை, “அவரு ஃப்ரீயாதான இருக்காரு” இல்லை. வீட்டு வேலை, உடம்பு சரியில்லை போன்ற காரணங்களும் இல்லை. அவை உண்மையாக இருந்தால் லீவ் கேட்கும் மெசேஜில் எழுத வேண்டியவை. மறுப்புக்குச் சாக்காக வைத்தால், “சரி, அப்ப சனிக்கிழமை பண்ணிடுங்க” என்று அந்தச் சாக்குக்கு ஒரு தீர்வு வந்துவிடும்.

மூன்றாவது பத்தியில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். மறுத்த குற்ற உணர்ச்சியில் நிறைவேற்ற முடியாத ஒரு வழியைக் கொடுத்துவிடுவார்கள். உதாரணத்துக்கு, “வேலிடேஷன மட்டும் தள்ளினா இத முடிச்சிடுறேன் மேம்” என்று எழுதத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலிடேஷனைத் தள்ளினால் கிடைப்பது 4 மணி நேரம். டேஷ்போர்டுக்குத் தேவை 7. மூன்று மணி நேரம் துண்டு விழும், அது வெள்ளி இரவில் போய் நிற்கும். சப்போர்ட்டையும் இரண்டு நாளைக்கு வேறு ஒருவர் பார்த்தால் இன்னொரு 4 மணி நேரம் கிடைக்கும். மொத்தம் 8. இப்போதுதான் 7 மணி நேர வேலைக்கு இடம் வருகிறது. பதிலில் சொல்லும் ஒவ்வொரு மாற்று வழியையும் இப்படிக் கூட்டிப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

கடைசி வரியையும் கவனியுங்கள். எந்த வேலை முக்கியம் என்பதை மேனேஜரிடமே விட்டுவிடுகிறோம். வேலிடேஷன் தள்ளிப்போனால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். நாமே முடிவெடுத்து ஒன்றைத் தள்ளினால், பிறகு அந்தத் தாமதம் நம் தலையில் வரும்.

எப்போது அனுப்புவது?

முடிந்தவரை அன்றைக்கே. மெசேஜ் வந்தது 6.42-க்கு என்றால், 7.30-க்குள் பதில் போனால் மேனேஜர் மறுநாள் காலை வேறு ஒருவரைக் கேட்க நேரம் இருக்கும். வியாழன் மதியம் வரை மௌனமாக இருந்துவிட்டு முடியாது என்றால், அரை நாள் அவரிடம் இருந்து போய்விட்டது. கோபம் மறுப்பின் மேல் வருவதைவிட அந்தத் தாமதத்தின் மேல்தான் அதிகம் வரும். உடனே கணக்குப் போட முடியவில்லை என்றால், “மேம், பாத்துட்டேன். கையில இருக்குறத பாத்துட்டு 8 மணிக்குள்ள சொல்றேன்” என்று நேரம் குறித்து ஒரு வரி போட்டுவிடுங்கள். சொன்ன நேரத்துக்குச் சொல்லிவிடவும் வேண்டும்.

மேனேஜர் திரும்ப என்ன சொல்வார்?

பெரும்பாலும் நான்கில் ஒன்று.

“ஓகே, நான் வேற ஆள் பாக்குறேன்.” இதோடு முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பழைய ஃபைலை அன்றைக்கே ஷேர் செய்யுங்கள். சொன்ன 20 நிமிடத்தையும் கொடுங்கள். அடுத்த முறை உங்கள் மறுப்பு நம்பப்படுமா என்பது இதில்தான் இருக்கிறது.

“எல்லாமே முக்கியம், எப்படியாவது மேனேஜ் பண்ணுங்க.” இங்கே திரும்ப வாதாட வேண்டாம். ஒரே கேள்வி: “சரி மேம், மூணுல எது லேட் ஆனா பரவாயில்லன்னு மட்டும் சொல்லுங்க, அதை கடைசியா வச்சுக்கிறேன்.” இதற்கு வரும் பதில் எதுவாக இருந்தாலும், எழுத்தில் இருக்கிறது.

“வீக்கெண்ட்ல கொஞ்சம் பாக்க முடியுமா?” முடியும் என்றால் என்ன ஈடு என்று அப்போதே கேளுங்கள்: “சனிக்கிழமை பண்றேன் மேம், அதுக்குப் பதிலா புதன்கிழமை காம்ப் ஆஃப் எடுத்துக்கிறேன்.” முடியாது என்றால், “இந்த வீக்கெண்ட் முடியாது மேம்” என்று நிறுத்திக்கொள்ளலாம். காரணம் கட்டாயம் இல்லை.

போன் வருகிறது. நேரில் பேசினால் மறுப்பது கஷ்டம், பலர் அங்கேதான் சரி என்றுவிடுவார்கள். எழுதிய கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு பேசுங்கள். பேசி முடித்ததும், “பேசுனபடி டேஷ்போர்டு நான் எடுத்துக்கிறேன். வேலிடேஷன் செவ்வாய்க்கு. ரெண்டு நாள் சப்போர்ட் வேற ஒருத்தர்” என்று ஒரு மெசேஜ் போடுங்கள். திங்கட்கிழமை “வேலிடேஷன் எங்க?” என்று யாராவது கேட்டால், அந்த மெசேஜ்தான் பதில்.

சட்டத்தை இழுக்கலாமா?

கர்நாடகத்தின் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 1961, வேலை நேரத்துக்கு நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் ஓவர்டைம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அதில் விலக்கும் உண்டு. மற்ற மாநிலங்களில் அந்தந்த மாநிலச் சட்டம். இது தெரிந்திருப்பது நல்லது. ஆனால் ஒரு டேஷ்போர்டுக்கான முதல் பதிலில் சட்டப் பிரிவை எழுதினால், பேச்சு அன்றோடு எச்.ஆர். அறைக்குப் போய்விடும். மாதக் கணக்கில் தினமும் 11, 12 மணி நேரம் ஓடுகிறது என்றால் அது வேறு பிரச்சினை. அதற்கு நேரக் குறிப்புகளோடு மின்னஞ்சலில்தான் பேச வேண்டும், சாட்டில் அல்ல.

எப்போது இந்தப் பதில் எடுபடாது?

சர்வர் விழுந்துவிட்டது, சம்பளம் போகவில்லை, அரசுக்குத் தாக்கல் செய்ய இன்று கடைசி நாள் போன்ற நேரங்களில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. முதலில் வேலை, பிறகு எது தள்ளிப்போகிறது என்று ஒரு வரி. அதேபோல் 20 நிமிட வேலைக்கு இவ்வளவு பெரிய பதில் எழுதினால், எழுதிய நேரத்தில் வேலையே முடிந்திருக்கும்.

இன்னொன்று. இதே பதிலை மூன்று வாரம் தொடர்ந்து அனுப்ப வேண்டியிருந்தால், பிரச்சினை அந்த மெசேஜ்களில் இல்லை. லீவ் கவர் நிரந்தரமாகிவிட்டதா, ஆள் குறைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அனுப்பிய மூன்று பதில்களிலும் மணி நேரக் கணக்கு இருக்கும். அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு மேனேஜரிடம் அரை மணி நேரம் கேளுங்கள்.

தோழிக்கு? மேலே இருக்கும் பதிலை அனுப்பும் முன், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “அந்த மெசேஜுக்குக் கட்டைவிரல் போட்டுட்டியா?”